ஆர்டர் 0877 போன இடம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆர்டர்களைக் கவனிக்கும் தேஜஸ்ரீ வேல்விழியின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, 0877-ஐக் காணோம்ங்க."

வேல்விழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழசெல்லாம் ஆர்க்கைவுக்குப் போயாச்சு தேஜூ. அங்க பாரு."

"பாத்துட்டேனுங்க. அங்கயும் இல்லீங்க."

அருள்புரத்தில், பல்லடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த அந்த பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் வேல்விழியின் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் இருபத்தைந்து வருடத்துக்கு முன் தேனிப் பக்கமிருந்து வந்து நல்லூரில் குடியேறி, டெய்லர்களாக இருந்து அவளைப் படிக்க வைத்தார்கள். ஆர்டர்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளையும் அதன் பின்னாலிருக்கும் டேட்டாபேஸையும் ஏழு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பத்து வருடத்து ஆர்டர்கள் டேபிள் என்கிற ஒரே அட்டவணையில் குவிந்து கிடந்ததால் எதைத் தேடினாலும் திரை உறைந்து நின்றது. அதனால் போன வியாழக்கிழமை, பழைய ஆர்டர்களை ஆர்க்கைவ் என்ற தனி டேபிளுக்கு நகர்த்தினாள். முதலில் அங்கே நகல் எடுத்தாள். நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதித்தாள். பிறகு இங்கே அழித்தாள். நகல் எடுத்தது 38,416. அழித்தது 38,416. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை.

"நம்பர் தப்பா இருக்கும் தேஜூ."

தேஜஸ்ரீ கையிலிருந்த அட்டையை நீட்டினாள். அனுமதி கொடுத்த நிறத்துணியை ஒட்டி, சரக்கு வாங்கும் பயரின் கையெழுத்தோடு ஃபைலில் வைத்திருக்கும் அட்டை. இளம் பச்சை. மேலே கொட்டை எழுத்தில் 2021-0877; பேச்சில் வருடத்தை விட்டுவிடுவார்கள். 2021 மார்ச். உடம்பையும் காலையும் சேர்த்து மூடும் குழந்தைகளுக்கான ரோம்பர், டென்மார்க்குக்குப் போனது.

"இப்ப எதுக்கு இது?"

"அங்கிருந்து மெயில் வந்திருக்குதுங்க. மூத்த குழந்தை போட்டதை ரெண்டாவது குழந்தைக்குப் போட்டிருக்காங்க. காலுக்கு நடுவுல இருக்கற பட்டன் ஒண்ணு உடைஞ்சு கையோட வந்திருச்சாமுங்க. நல்லவேளை, குழந்தை வாயில போடறதுக்குள்ள அம்மா பாத்துட்டாங்க. அந்த பட்டன் எந்த லாட்டு, அதே லாட்டை வேற எந்த ஆர்டருக்கெல்லாம் போட்டோம்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமுங்க. சொல்லாட்டி அந்த வருசம் போன ரோம்பர் அத்தனையையும் திரும்பக் கேட்டு விளம்பரம் பண்ணிருவாங்களாமுங்க."

கம்பெனி மென்பொருளில் ஒரு ஆர்டர் என்றால் ஒரே ஒரு வரி. சைஸ் விவரம், நூல், பட்டன் எந்தத் தொகுப்பில் வாங்கியது என்கிற லாட்டு எண் எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான். வரி இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

வேல்விழி தானே தேடினாள். ஆர்டர் டேபிளில் இல்லை. ஆர்க்கைவிலும் இல்லை. எண்ணை விட்டுவிட்டு டென்மார்க் பயரின் பெயரை வைத்துத் தேடினாள். 0876 வந்தது, 0878 வந்தது. நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி.

அந்தச் சமயத்தில் நூல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கிட்டுசாமி படியேறி வந்தார். கையில் ஒரு அச்சுத்தாள்.

"ஏனுங்க, 1302-க்கு நூல் எழுநூறு கிலோதானுங்களே? பட்டியல்ல ஆயிரத்து நானூறு வந்திருக்குது. ஆர்டர் டபுள் ஆயிருச்சுங்களா?"

"இல்லீங்க" என்றாள் தேஜஸ்ரீ. "அது பழைய ஆர்டருங்க. பயர் திரும்பக் கேட்டாங்கன்னு நான்தான் போன வாரம் ரீஓப்பன் பண்ணுனேன். எழுநூறுதானுங்க."

வேல்விழி 1302-ஐத் தேடினாள். ஆர்டர் டேபிளில் இருந்தது. ஆர்க்கைவிலும் இருந்தது. நூல் பட்டியல் இரண்டு டேபிளையும் சேர்த்துப் பார்த்து, ஆர்டர் எண்ணை வைத்து அளவை எடுக்கும். எண் இரண்டு இடத்திலும் இருந்தால் அளவும் இரண்டு மடங்கு. அதுவரைக்கும் புரிந்தது. ஆனால் நகர்த்தின ஆர்டர் எப்படி இரண்டு இடத்தில் இருக்கும்? இன்னொன்று எப்படி எங்குமே இல்லாமல் போகும்? ஒன்று கூடியிருக்கிறது, ஒன்று குறைந்திருக்கிறது. எண்ணிக்கையோ அச்சாகச் சரியாக இருக்கிறது.

அதற்குள் விஷயம் முதலாளி சசிகுமாரின் காதுக்குப் போய்விட்டது. அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க வேல்விழி, வியாழக்கிழமை நீங்க நகர்த்துனதுல இது போயிருக்குங்களா?"

"வாய்ப்பில்லைங்க சார். ரெண்டு எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கு. பாருங்க."

அவர் பார்த்தார். "அப்புறம் யாரு தொட்டாங்க?"

மென்பொருளில் யார் எந்த ஆர்டரைத் திறந்து மாற்றினார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். வேல்விழி திறந்தாள். 0877-க்குக் கடைசியாக ஒரே ஒரு வரி. வியாழன், 11.41, ராஜபாண்டி, மாற்றம். என்ன மாற்றம் என்று இல்லை. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

ராஜபாண்டி பேக்கிங் செக்‌ஷன் பொறுப்பாளர். அருப்புக்கோட்டைக்காரர், ஐம்பத்தாறு வயது. கீபோர்டில் ஒற்றை விரலால்தான் தட்டுவார். அவருடைய திரையில் 'முடிந்தது' பட்டனுக்கும் 'நீக்கு' பட்டனுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்கூட இல்லை. சசிகுமார் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணா, வியாழக்கிழமை இந்த 0877-ஐ என்ன பண்ணுனீங்க?"

"முடிஞ்சதுன்னு போட்டேன் மொதலாளி. பழசெல்லாத்தையும் முடிச்சு வைக்கச் சொல்லியிருந்தாகள்ல."

"கை தவறி நீக்கு அமுத்தீட்டீங்களா? சொல்லுங்க, பரவால்ல. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"இல்ல மொதலாளி. நான் பாத்துத்தான் அமுத்துனேன். கண்ணாடி போட்டுத்தான் அமுத்துனேன்."

"அப்புறம் ஆர்டர் எங்கீங்கண்ணா போச்சு?"

ராஜபாண்டி வேல்விழியைப் பார்த்தார். "தாயி, நீ சொல்லேன். அமுத்துனா அது போயிருமா?"

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அவள் நோட்டில் எழுதிய எண்ணும் பொய் சொல்லவில்லையே. "என் பக்கம் கணக்கு சரியா இருக்குங்கய்யா" என்றாள். அது அவர் கேள்விக்குப் பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. ராஜபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அவருடைய லாகினிலிருந்து நீக்கும் உரிமையை எடுத்துவிடச் சொல்லிவிட்டு சசிகுமாரும் போனார். வேல்விழி எடுத்துவிட்டாள்.

ஒவ்வொரு இரவும் டேட்டாபேஸ் முழுவதும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ளும். நகர்த்துவதற்கு முந்தின புதன்கிழமை இரவுப் பிரதியைத் தன் கம்ப்யூட்டரில் தனி டேட்டாபேஸாக விரித்தாள். அது முடிவதற்குள் சாப்பாட்டு பெல் அடித்தது. டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

0877 அங்கே இருந்தது. பட்டன் லாட்டு எண்ணோடு, முழுசாக.

அதே லாட்டை வைத்துத் தேடியபோது வேறு எந்த ஆர்டரும் வரவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் வாங்கிய பட்டன். தேஜஸ்ரீயைக் கூப்பிட்டுக் காட்டினாள். தேஜஸ்ரீ லாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு மெயில் அடிக்க ஓடினாள்.

ஆனால் வேல்விழியின் குழப்பம் இப்போதுதான் முற்றியது. புதன்கிழமை இரவு 0877-இன் நிலை 'நடப்பில்' என்றிருந்தது. நாலு வருடத்துக்கு முன் அனுப்பிய சரக்கு, யாரும் முடித்து வைக்காமல் கிடந்திருக்கிறது. அவள் வியாழக்கிழமை தொட்டது 'முடிந்தது' என்றிருந்தவற்றை மட்டும்தான். நடப்பிலிருக்கும் ஆர்டரை அவளுடைய கட்டளை தொடவே தொடாது. அப்படியென்றால் ராஜபாண்டி ஐயாதான் நீக்கியிருக்க வேண்டும். சரி, அப்போது 1302?

புதன்கிழமைப் பிரதியிலிருந்த எண்கள் எல்லாவற்றையும் இப்போதைய இரண்டு டேபிள்களோடும் ஒப்பிட்டாள். எங்குமே இல்லாதது ஒன்றே ஒன்று, 0877. இரண்டிலும் இருப்பது ஒன்றே ஒன்று, 1302. 1302-க்கான பதிவைத் திறந்தாள். வியாழன், 11.45, தேஜஸ்ரீ, மாற்றம்.

11.41. 11.45.

தன் கட்டளைகள் ஓடிய நேரத்தைத் தேடி எடுத்தாள். நகல் எடுத்தது 11.28. அழித்தது 11.52.

இருபத்து நாலு நிமிடம். அவள் அந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. நகலைச் சோதித்தாள். பத்து ஆர்டர்களைத் திறந்து வரி வரியாக ஒப்பிட்டாள். ஒரு டீ குடித்தாள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றுதான் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு கட்டளையிலும் நிபந்தனை ஒன்றேதான். மூன்று வருடத்துக்கு மேல் பழசு, நிலை முடிந்தது. ஆனால் அந்த நிபந்தனையை டேபிள் இரண்டு தடவை கேட்டிருக்கிறது, இரண்டு வெவ்வேறு நேரத்தில். நகல் எடுக்கும்போது 0877 நடப்பில் இருந்தது, அதனால் நகலாகவில்லை. 11.41-க்கு ராஜபாண்டி ஐயா அதை முடித்தார். 11.52-க்கு அழிக்கும்போது அது முடிந்தவற்றில் ஒன்று. அழிந்தது. 1302 நகலாகும்போது முடிந்திருந்தது. தேஜஸ்ரீ அதை மறுபடி திறந்தாள். அழிக்கும்போது அது நடப்பில். தப்பித்தது. ஒன்று போக, ஒன்று தங்க, எண்ணிக்கை மட்டும் பொருந்திவிட்டது.

நீக்கியது ராஜபாண்டி இல்லை. அவள். மென்பொருளைத் திறக்காமல் நேராக டேட்டாபேஸில் கட்டளை போட்டதால் அவள் பெயர் எந்தப் பதிவிலும் விழவில்லை.

பழைய ஆர்டர்களை இன்றே முடித்து வையுங்கள் என்று வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் மெயில் போட்டதும் அவள்தான்.

சசிகுமார் அறைக் கதவைத் தட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சுன்னு சொன்னீங்களேங்க?"

"சரியாத்தான் சார் இருந்துச்சு. ஆனா எண்ணுனது வேற வேற ஆர்டர்."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "அப்ப அண்ணன் ஒண்ணுமே பண்ணலீங்களா?"

"நான் சொன்னதைச் செஞ்சாரு சார். அவ்வளவுதான்."

"இதை நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க. நான் அப்புறம் வந்து சொல்றேன். நானும் சொல்லோணும்."

பேக்கிங் செக்‌ஷனில் ராஜபாண்டி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஸ்டிக்கர் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பீகார் பையன்கள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே வேல்விழி சொன்னாள்.

"ஐயா, அதை அழிச்சது நான். நீங்க இல்ல."

"நான்தான அமுத்துனேன், நீ எப்படி தாயி?"

அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்ப நான் அமுத்தாம இருந்திருந்தா அது இருந்திருக்கும்" என்றார்.

"இருந்திருக்கும். ஆனா தப்பு அமுத்துனதுல இல்லைங்கய்யா. நான் ரெண்டு தடவையா செஞ்சதுல இருக்கு."

"ஒண்ணும் வெளங்கல" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "காலையில கேட்டனே தாயி. அமுத்துனா போயிருமான்னு. போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கணும்ங்கய்யா. மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலைக்குள் 0877-ஐப் பிரதியிலிருந்து எடுத்து டேபிளில் சேர்த்தாள். டென்மார்க்கிலிருந்து பதில் வந்துவிட்டது. அந்த ஒரு ஆர்டரில் போன ரோம்பர்களை மட்டும் திரும்பக் கேட்கிறார்கள். அந்த இளம் பச்சை ரோம்பர் எங்கெங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் இனி ஒரு அம்மா அந்தப் பட்டனை இழுத்துப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் சோதனை டேட்டாபேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நகலையும் அழிப்பையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் கட்டிவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தாள். ஆரம்பம் என்று ஒரு கட்டளை, முடிவு என்று ஒரு கட்டளை, நடுவில் இரண்டும். திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்தாள். ஒன்றில் நகல் எடுத்துவிட்டு நிறுத்தினாள். இன்னொன்றில் ராஜபாண்டி மாதிரி ஒரு ஆர்டரை முடித்து வைத்தாள். முதல் ஜன்னலுக்குத் திரும்பி அழித்தாள்.

அந்த ஆர்டர் காணாமல் போனது. அதே மாதிரி.

இது ஒரே கட்டுத்தானே, எப்படிப் போகும்? அவர்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் கையேட்டைத் திறந்து ஒரு மணி நேரம் படித்தாள். சாதாரண அமைப்பில், ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்தாலும் ஒவ்வொரு கட்டளையும் தான் தொடங்கும் நேரத்தில் டேபிள் எப்படி இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். கட்டுப் போட்டதால் இரண்டும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது. ஆனால் இரண்டும் ஒரே ஆர்டர்களைப் பார்க்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியென்றால் இரண்டு தடவை கேட்கவே கூடாது. ஒரு தடவைதான் கேட்க வேண்டும்.

கையேட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி அது இருந்தது. அழி என்று சொல்லும்போதே, அழித்த வரிகளைத் திருப்பிக் கொடு என்றும் சொல்லலாம். அப்படித் திருப்பி வந்த வரிகளை அப்படியே ஆர்க்கைவில் எழுது என்று அதே கட்டளையிலேயே கோக்கலாம். கட்டளையை முடிக்கும் அரைப்புள்ளி நடுவில் கிடையாது. நிபந்தனை ஒரே ஒரு இடத்தில், அழிக்கும் பகுதியில் மட்டும். எது அழிகிறதோ அதுதான் எழுதப்படும். அழியாதது எழுதப்படாது.

இரண்டு ஜன்னல்களில் மறுபடி சோதித்தாள். இப்போது நடுவில் நுழைய இடமே இல்லை. ஓர் ஆர்டரை இன்னொரு ஜன்னலில் மறுபடி திறந்து, அந்த மாற்றத்தை உறுதி செய்யாமல் பிடித்துவைத்துக்கொண்டு பார்த்தாள். கட்டளை காத்து நின்றது. பிடியை விட்டதும் அந்த ஆர்டரை மறுபடி சோதித்து, இது நடப்பில் இருக்கிறது என்று தெரிந்து விட்டுவிட்டது. ஆர்க்கைவிலும் எழுதவில்லை.

புதன்கிழமை காலை நிஜ டேட்டாபேஸில் ஓட்டினாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முடித்து வைத்த பழைய ஆர்டர்கள் எண்பத்து மூன்று இருந்தன. என்டர் தட்டியதும் சிவப்பில் பிழை வந்தது. 1302 ஏற்கெனவே ஆர்க்கைவில் இருக்கிறது, ஒரே எண் இரண்டு தடவை கூடாது.

இது எப்படி? பக்கத்திலிருந்த தேஜஸ்ரீயைக் கேட்டாள்.

"நூல் குழப்பத்துல நேத்து அதைத் திரும்ப முடிச்சிட்டேனுங்கக்கா. புது எண் போட்டு வேற ஆர்டரா பதிஞ்சாச்சு."

வேல்விழி திரைக்குத் திரும்பினாள். எழுதும் பகுதி நின்றுவிட்டது. அழிக்கும் பகுதி? அவசரமாக எண்ணினாள். எண்பத்து மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆர்க்கைவில் ஒன்றுகூடக் கூடவில்லை. ஒரு வரி எழுத முடியாமல் போனதும் எல்லாமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. திரும்ப ஒரு தடவை எண்ணினாள். நம்பாமல் பிறகும் ஒரு தடவை எண்ணினாள்.

ஆர்க்கைவிலிருந்த பழைய 1302-ஐயும் இதையும் வைத்து ஒப்பிட்டு, பழையதை நீக்கினாள். பிறகு உடனே ஓட்டவில்லை. கீழே இறங்கிப் போய் ராஜபாண்டியைக் கூப்பிட்டாள்.

"ஐயா, இன்னிக்கு முடிக்க வேண்டிய பழைய ஆர்டர் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. நான் தொடலியே தாயி. திங்கக்கிழமையிலிருந்து எதையும் தொடல."

"வாங்க. நான் ஓட்டறப்ப நீங்க அமுத்துங்க."

அவர் வரத் தயங்கினார். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். அவர் ஒற்றை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அவள் என்டரைத் தட்டி, "இப்ப" என்றாள். அவர் அமுக்கினார்.

எண்பத்து மூன்று நகர்ந்தன. ராஜபாண்டி முடித்த ஆர்டர் எண்பத்து நாலாவது. கட்டளை தொடங்கிய பிறகு முடிந்ததால் அது நகரவில்லை. ஆர்டர் டேபிளிலேயே, முடிந்தது என்ற நிலையோடு இருந்தது. அடுத்த மாதம் ஓட்டும்போது போகும். அவள் எண்ணைத் தட்டி அவருக்குக் காட்டினாள்.

அவர் திரையைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். "இருக்குதா?"

"இருக்குங்கய்யா."

"அங்க போகலியா?"

"போகல. அடுத்த தடவை போகும்."

"ஒரே நேரத்துலதான அமுத்துனோம்?" என்றார். "ஒரு தடவை அமுத்துனா காணாமப் போகுது. ஒரு தடவை அமுத்துனா அசையாம இருக்கு. எனக்கு என்னமோ ஒண்ணும் வெளங்கல தாயி."

அவள் மறுபடி விளக்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலியை மேசைக்கு நெருக்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். முடிக்காமல் கிடந்த பழைய ஆர்டர் எண்கள் அதில் வரிசையாக இருந்தன. முதல் எண்ணை ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார். அமுக்குவதற்கு முன் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அமுத்துங்கய்யா" என்றாள்.